ஒன்பது ராடும் ஒரு பதில் கடிதமும்

பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத் துறைக்கு இன்னதுதான் வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் எல்லாமே எங்கள் வேலை. ஆண்டு விழா வரவேற்புரை, அமைச்சருக்கு அழைப்புக் கடிதம், ஆய்வுக் குழு வந்தால் அறிக்கை, கேன்டீன் சுவரில் ஒட்டும் அறிவிப்பு, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் எம்.ஏ. படித்தது கவிதையும் நாடகமும். வேலை பார்த்தது ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், சுற்றிலும் தகரக் கூரைத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரியில். காலையில் படப்பையில் கல்லூரிப் பேருந்து ஏறினால் சாயங்காலம் அதே பேருந்து கிளம்பும்வரை கேட்டைத் தாண்ட முடியாது. வாட்ச்மேனிடம் சீட்டுக் காட்டினால்தான் விடுவான்.

மெக்கானிக்கல் துறையில் ஒரு சார் இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், தமிழ்வழியில் படித்து வந்தவர். வேலை பார்த்துக்கொண்டே பி.எச்.டி. பதிவு செய்து ஏழாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் கடைசியாகக் கொடுத்த நீட்டிப்பும் அந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள ஒரு ஜர்னலில் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே விடுவார்கள். ஏற்கப்படாவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் கரைந்து போகும், முதலிலிருந்து வேறு தலைப்பில் ஆரம்பிக்கலாம், உடம்பில் தெம்பிருந்தால்.

அவருடைய கட்டுரையின் ஆங்கிலத்தை நான்தான் திருத்திக் கொடுத்திருந்தேன். நாலு மாதம் கழித்து ஜர்னலிலிருந்து பதில் வந்தது. கட்டுரையை மதிப்பிடும் ரிவியூவர்கள் இரண்டு பேர். முதலாமவர் நல்ல மனிதர், இரண்டு அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டாமவர் ஏழு கேள்வி கேட்டிருந்தார். ஏழாவது கேள்வியே அல்ல, தீர்ப்பு: ஆங்கிலம் மோசமாக இருக்கிறது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட யாரிடமாவது காட்டித் திருத்தவும்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் ஆறு கேள்விகளையும் நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. அந்த ஆள் யார், எந்த ஊர் என்று தெரியாது. ரிவியூவர் பெயரை ஜர்னல் சொல்லாது. ஆனால் மனதுக்குள் அவரோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்துவிட்டேன்.

"பதிலை எழுதிக் கொண்டு வாங்க சார். தமிழ்லயே எழுதுங்க. நான் பாத்துக்கறேன்," என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்.

அப்படித் தமிழில் எழுதச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அவர் பாடப்புத்தகத்திலிருந்து வாக்கியங்களைப் பிய்த்து ஒட்டுவார், என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கே புரியாது. தமிழில் எழுதினால் ஆளே வேறு. மறுநாள் எட்டுப் பக்கம் கொண்டுவந்தார். "ஐயா, தாங்கள் கேட்பது நியாயமே. ஆனால் தாங்கள் லேத் அருகில் நின்று வேலை பார்த்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்," என்று ஆரம்பித்திருந்தார். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்துத் தடுப்புக்குப் பின்னால் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த மேடம் எட்டிப் பார்த்தார்.

"தப்பா எழுதிட்டனா மேடம்?"

"தப்பே இல்லை. ஆனா இதை இப்படியே அனுப்பினா அடுத்த தபால்லயே ரிஜெக்ட்."

ரிவியூவருக்கு எழுதும் பதிலுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. அவர் கேட்டதை வரிக்கு வரி அப்படியே எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிலும் நன்றியில் தொடங்கும். அவர் நம்மை முட்டாள் என்று சொல்லியிருந்தாலும் அந்த நுட்பமான கருத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டுரையில் எந்தப் பக்கம், எந்த வரியில் மாற்றியிருக்கிறோம் என்று குறிக்க வேண்டும். மாற்ற முடியாததை முடியாது என்று சொல்லலாம், தலை குனிந்து சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் துறைத் தலைவர்தான் சாருக்கு வழிகாட்டி. ஜர்னலின் இணையதளத்தில் கட்டுரை அனுப்பிய கணக்கும் அவர் பெயரில்தான். அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "பொலைட்டா இருக்கணும் மேடம், ஆனா ஃபர்மா இருக்கணும். முப்பது நாள்தான் டைம் குடுத்திருக்காங்க."

ஆய்வு என்னவென்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இரும்பு ராடை லேத்தில் கடையும்போது சூடு தணிய ஒரு திரவத்தை வெள்ளமாக ஊற்றுவார்கள். அதற்குப் பதில் கொஞ்சூண்டு எண்ணெயைக் காற்றோடு கலந்து பீய்ச்சினால் போதுமா, கடைந்த பரப்பு வழவழப்பாக வருமா என்பதுதான் கேள்வி. வேகம், வெட்டும் ஆழம், எண்ணெயின் அளவு, இவற்றை மாற்றி மாற்றி ஒன்பது நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை. மொத்தம் இருபத்தேழு சோதனைகள் என்று கட்டுரையில் இருந்தது. என் கையால் திருத்திய வாக்கியம்தான்.

கல்லூரி லேத் அரதப் பழசு, அந்த வேகமெல்லாம் வராது. வடக்குப்பட்டுப் பக்கம் கார் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உதிரி பாகம் செய்யும் ஒரு யூனிட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெஷினைத் தொட விட்டார்கள். அங்கேதான் எல்லாச் சோதனையும் நடந்தது.

பதில்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டு வந்தேன். முதல் மூன்றும் சுலபம். நாலாவதில் ரிவியூவர் கேட்டிருந்தார்: ஒவ்வொரு சோதனையும் மூன்று முறை செய்ததாகச் சொல்கிறீர்கள், எப்படித் திரும்பச் செய்தீர்கள் என்று விளக்கவும், மூன்று மதிப்புகளையும் தனித்தனியாக அட்டவணையில் தரவும். அதற்கு சார் தமிழில் நாலே வரி எழுதியிருந்தார். அட்டவணை தட்டச்சு செய்ய வேண்டுமே என்று அவருடைய நோட்டை வாங்கினேன்.

கருப்பு அட்டை போட்ட நீள நோட்டு. எண்ணெய்க்கறை. அழகான கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் ராடு எண், வேகம், நேரம், பிறகு மூன்று கட்டங்களில் மூன்று அளவுகள். ராடு எண் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை போய் நின்றுவிட்டது.

"சார், பத்தாவது ராடுல இருந்து வேற நோட்டுல இருக்கா?"

"பத்தாவது ராடா? மொத்தமே ஒம்பது ராடுதான மேடம்."

"இருபத்தேழு சோதனைன்னு போட்டிருக்கோமே."

"ஆமா. ஒவ்வொரு ராடுலயும் மூணு எடத்துல ரீடிங் எடுத்திருக்கேன்லா. ஒம்பது மூணு இருபத்தேழு."

பெருமையாகத்தான் சொன்னார். நான் கவிதை படித்தவள்தான், ஆனாலும் எனக்கே எங்கேயோ இடித்தது. "கடைஞ்சது ஒரு தடவை. அளந்ததுதான் மூணு தடவை. அப்படித்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். பிளஸ் டூவுல இருந்து அப்படித்தான செய்யுதோம்? ரெக்கார்ட் நோட்டுல டிரையல் ஒண்ணு, டிரையல் ரெண்டு, டிரையல் மூணுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

நமது ஆய்வுக்கூட நோட்டுகளில் அந்த மூன்று கட்டங்கள் அச்சடித்தே வரும். அதே கம்பி, அதே ஸ்பிரிங், மூன்று முறை ஸ்கேலை வைத்துப் பார்த்து மூன்று கட்டத்தையும் நிரப்பி, சராசரி போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டுப் போவோம். யாரும் இதற்குமேல் கேட்டதில்லை. அவரும் இப்போது மாணவர்களிடம் அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே ராடை எத்தனை முறை அளந்தாலும் அது அந்த ஒரு ராடைப் பற்றித்தான் சொல்லும். புது ராடு, புது வெட்டுமுனை போட்டு மறுபடி கடைந்தால் அதே வழவழப்பு வருமா என்பதுதான் ரிவியூவரின் கேள்வி. அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அவர் நோட்டை மூடினார். "அப்ப மிச்சம் பதினெட்டு ராடும் கடையணும், மேடம். ரெண்டு ஞாயித்துக்கெழம போதும். முடிச்சிருதேன்," என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை நான் மறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கும் அரைநாள் விடுப்பு இருந்தது. துணைக்கு வாருங்கள், தேவையான அனுமதிக் கடிதத்தை அங்கேயே எழுதிவிடலாம் என்றார். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி நடந்தோம். யூனிட்டின் கேட்டில் சங்கிலி தொங்கியது. உள்ளே ஷெட் காலி. மெஷின் நின்ற இடங்களில் தரையில் சதுரம் சதுரமாக எண்ணெய்த் தடம் மட்டும். எதிர்ச் சாரியில் இன்னொரு கம்பெனிக்குக் காவலிருந்தவர் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார்.

"இன்னா சார், யாரைப் பாக்கணும்? அவுங்க காலி பண்ணிகினு பூட்டாங்களே. ரெண்டு மாசம் ஆவுது. ஆர்டர் நின்னு பூட்சாம். மெஷினெல்லாம் லாரில ஏத்திகினு போனாங்கோ."

"எங்க போனாங்கன்னு தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? ஓசூர்ன்றாங்க, பூனான்றாங்க."

சார் கேட்டுச் சங்கிலியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு மறைமலை நகரில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டார், இன்னொருவருக்குப் போட்டார். மெஷின் இருக்கிறது, ஆனால் வெளியாளை விட முடியாது. விட்டாலும் வேறு மெஷினில் கடைந்ததைப் பழைய ஒன்பதோடு சேர்க்க முடியாது, இருபத்தேழையும் புதிதாகச் செய்ய வேண்டும், எண்ணெய் பீய்ச்சும் கருவியை அந்த மெஷினில் பொருத்த வேண்டும். முப்பது நாளில் பதினொன்று போயிருந்தது.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் இரண்டு பேரும் போனோம். கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. நான்தான் விஷயத்தைச் சொன்னேன், சார் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் ஏற்கெனவே ஒரு பதிலை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு நிலையிலும் ஒரே ராடுதான் கடையப்பட்டது, மூன்று இடங்களில் அளக்கப்பட்டது, இருபத்தேழு சோதனைகள் என்று எழுதியது எங்கள் தவறு, அதைத் திருத்தியிருக்கிறோம், மெஷின் இப்போது இல்லாததால் மீண்டும் செய்ய இயலவில்லை, இதை ஆய்வின் குறையாகக் கட்டுரையிலேயே சேர்த்திருக்கிறோம். பணிவாகத்தான் இருந்தது. உறுதியாகவும் இருந்தது.

அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மேடம், இது கன்ஃபெஷன். ரிப்ளை இல்ல. இதை அனுப்பினா ரிஜெக்ட். அடுத்த ஜர்னல்ல போட்டு பதில் வர ஆறு மாசம். இவருக்கு அவ்ளோ டைம் இருக்கா?" சாரைப் பார்த்தார். "நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லல. எத்தனை ராடுன்னு அந்தாள் கேக்கல. கேக்காததை நாம ஏன் சொல்லணும்?"

"எப்படித் திரும்பச் செஞ்சீங்கன்னு கேட்டிருக்காரே சார்."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

வெளியே வந்து மாடிப்படி அருகில் நின்றோம். சாலையில் கார்களை ஏற்றிய நீளமான டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் இரண்டு பக்கத்துப் போக்குவரத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் காதைப் பிளந்தது.

"நீங்க சொல்லுங்க சார். ஆய்வு உங்களுது. எப்படி எழுதட்டும்?"

"எனக்கென்ன தெரியும் மேடம். நீங்க எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுதேன்." டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே, "நெசத்தையே எழுதுங்கன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு. வீட்டுல போய் என்ன சொல்லுவேன்?" என்றார்.

எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. முடிவை என் தலையில் கட்டிவிட்டாரே என்று. இப்போது யோசித்தால், அவர் இரண்டையும்தான் சொன்னார், நான் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க எங்கே போனாலும் அந்த நாலாவது கேள்வி கூடவே வந்தது. வகுப்பில் கடிதம் எழுதுவது எப்படி என்று பாடம் நடத்தும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் அதேதான். உண்மையை எழுதினால் ஒரு மனிதரின் ஏழு வருஷத்தை நான் அழிக்கிறேன். எழுதாவிட்டால் நான் அழுக்காகிறேன். என்னால் முடியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் துறைத் தலைவர் வேறு ஆளை வைத்து எழுதுவார், அந்த ஆங்கிலத்தைப் பார்த்த மாத்திரத்தில் ரிவியூவர் தூக்கி எறிவார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

கடைசியில் ஒரு மத்தியானம், வகுப்பில்லாத நேரத்தில், உட்கார்ந்து எழுதினேன். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்த முக்கியமான கருத்துக்காக ரிவியூவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஒன்பது நிலைகளிலும் மும்மூன்று மதிப்புகள் பெறப்பட்டன. அவை இப்போது தனித்தனியாக நான்காம் அட்டவணையில் தரப்பட்டுள்ளன. மதிப்புகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதை ரிவியூவர் காண்பார். சோதனை முறையின் நம்பகத்தன்மையை இது உறுதிப்படுத்துகிறது என்றும், எனவே கூடுதல் சோதனைகள் இப்போதைய ஆய்வுக்குத் தேவைப்படவில்லை என்றும் பணிவுடன் கருதுகிறோம்."

கட்டுரையில் இருந்த 'இருபத்தேழு சோதனைகள்' என்பதையும் சத்தமில்லாமல் 'இருபத்தேழு மதிப்புகள்' என்று மாற்றினேன். பூசி மெழுகுவது என்பார்களே, அது இதுதான். மதிப்புகள் நெருக்கமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? மூன்றும் ஒரே ராடு. எங்களுடைய ஓட்டையையே எடுத்து எங்களுக்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தேன். அந்த நம்பகத்தன்மை வாக்கியம் சார் எழுதிய எட்டுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. துறைத் தலைவரும் கேட்கவில்லை. அது முழுக்க நான் போட்டது. ஏழாவது கேள்வி என் மனதில் இருந்தது என்பதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை. அந்த முகம் தெரியாத ஆளுக்கு என் ஆங்கிலம் எதையெல்லாம் செய்யும் என்று காட்ட வேண்டியிருந்தது.

சார் அதை மூன்று தடவை படித்தார். "இதுல பொய்யே இல்லையே மேடம்," என்றார் ஆச்சரியமாக. துறைத் தலைவர் தன் கணக்கில் அதை ஏற்றினார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, அச்செடுத்து வைத்திருந்ததை நீட்டினார். கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டாவது ரிவியூவர் இரண்டே வரி எழுதியிருந்தார். சோதனைகளைப் பற்றிய தெளிவான, நேர்மையான விளக்கத்துக்காக ஆசிரியர்களுக்கு நன்றி. ஆங்கிலம் இப்போது மிகச் சிறப்பாக இருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இத்தனை நேரம் எழுதியதற்கு அர்த்தமில்லை. வெட்கம் பிறகுதான் வந்தது, பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு. முதலில் வந்தது சந்தோஷம். அந்தத் தாளை இரண்டாவது முறையும் வாங்கிப் படித்தேன். "இனிமே நம்ம டிபார்ட்மென்ட் ரிப்ளை எல்லாம் மேடம்தான்," என்று துறைத் தலைவர் சொல்ல, நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அடுத்த இரண்டு வருஷத்தில் பதினொரு பதில்கள் எழுதினேன். ஒன்றுக்கும் நோட்டைக் கேட்கவில்லை.

சாருடைய வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. நான் போகவில்லை, வகுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் கடலைமிட்டாய்ப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். இனி அவர் டாக்டர். புதுச் சட்டை. ஆனால் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வாழ்த்துகள் சார். நல்லாப் போச்சா?"

"போச்சு மேடம். வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் பெரியவரு, நல்ல மனுசன். எல்லாம் கேட்டுட்டு, கடைசியா எத்தனை ராடு கடைஞ்சீங்கன்னு கேட்டாரு."

என் கை பெட்டியின் மூடியில் இருந்தது. எடுக்கவில்லை.

"நீங்க எழுதுனத மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். ஒரு வார்த்த விடாம இங்கிலீஷ்ல அப்படியே சொன்னேன். அவரும் ரொம்பச் சரின்னு தலையாட்டிட்டாரு." மிட்டாய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தமிழ்ல மட்டும் கேட்டிருந்தாருன்னா, ஒம்பதுன்னு சொல்லியிருப்பேன் மேடம்."